'தொழில்நுட்பக் காரணங்கள்' என்பது ஒரு விளக்கமா?

இணையவழிச் சேவை ஏதேனும் முடங்கும்போதெல்லாம் நம் கைப்பேசிக்கு ஒரே மாதிரியான செய்தி வந்துசேர்கிறது. 'தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களால் சேவை தற்காலிகமாகத் தடைப்பட்டுள்ளது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.' இதில் பொய் எதுவும் இல்லை. பயனும் எதுவும் இல்லை. இத்தகைய செய்திகளைப் பல ஆண்டுகள் எழுதி அனுப்பியவன் என்ற முறையில், அந்த ஒற்றை வரி ஒருமுறை என்ன செய்தது என்பதைச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்க விரும்புகிறேன்.

நான் பணியாற்றிய நிறுவனம், திருப்பூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ள பின்னலாடைத் தொழிற்கூடங்களுக்கு ஊதியக் கணக்கு மென்பொருளை இணையவழியே வழங்கிவந்தது. ஏறத்தாழ முந்நூறு வாடிக்கையாளர்கள். திருப்பூரில் சனிக்கிழமை என்றால் கூலி நாள். அன்று காலையில் கணக்காளர் தொழிலாளர் பட்டியலைச் சரிபார்த்து, 'வங்கிக்கு அனுப்பு' என்னும் பொத்தானை அழுத்துவார். மாலைக்குள் தொழிலாளர்களின் கணக்கில் பணம் சேர்ந்துவிடும்.

அப்படியொரு சனிக்கிழமை காலை 10.10 மணிக்கு எங்கள் தரவுத்தளம் நின்றுபோனது. 10.50-க்கு, மேலே சொன்ன வரியை அப்படியே எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அனுப்பினேன். பிற்பகல் 1.25-க்குச் சேவை மீண்டது. உடனே இரண்டாவது செய்தி: 'சேவை முழுமையாகச் சீராகிவிட்டது. தரவு இழப்பு ஏதும் இல்லை.' அதோடு என் கடமை முடிந்தது என்று மதிய உணவுக்குச் சென்றேன்.

இரவு எட்டு மணிக்குச் சிறிய பனியன் நிறுவனம் ஒன்றின் கணக்காளர் அழைத்தார். "சர்வர் சரியாயிருச்சுன்னு நீங்கதானுங்க சார் சொன்னீங்க. உள்ள போய்ப் பார்த்தா கூலி அனுப்பலைன்னு காட்டுச்சு. மறுபடியும் அனுப்பிட்டேனுங்க. இப்ப நாப்பத்தாறு பேருக்கும் ரெண்டு தடவை போயிருச்சு. முதலாளிக்கு நான் என்னங்க சொல்றது?"

நடந்தது இதுதான். வங்கியோடு பேசும் நிரல் வேறொரு சர்வரில் இருந்தது. தரவுத்தளம் நின்ற பிறகும், தன் வரிசையில் ஏற்கெனவே காத்திருந்த கோப்புகளை அது 10.22 வரை ஒவ்வொன்றாக வங்கிக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. வங்கியும் பெற்றுக்கொண்டது. ஆனால், 'அனுப்பப்பட்டது' என்று குறித்துவைக்கத் தரவுத்தளம் இயங்கவில்லை. எனவே, சேவை மீண்டபோது அந்தக் கோப்புகள் எல்லாம் 'அனுப்பப்படவில்லை' என்றே திரையில் தெரிந்தன. அந்தப் பன்னிரண்டு நிமிடங்களில் சிக்கியவர்கள் 23 வாடிக்கையாளர்கள். அவர்களில் ஒன்பது பேர் என் செய்தியை நம்பி மீண்டும் பொத்தானை அழுத்திவிட்டார்கள்.

'தரவு இழப்பு இல்லை' என்று நான் எழுதியது, தரவுத்தளத்தைப் பொறுத்தவரை உண்மை. இழந்தது தரவையல்ல, பணத்தை. பொறியாளர்கள் 'பாதிப்பு' என்று எண்ணுவதும் வாடிக்கையாளர் பாதிப்பாக அனுபவிப்பதும் வேறு வேறு என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

பெரிய நிறுவனங்களும் இதில் தடுமாறியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த அட்லாசியன் நிறுவனத்தின் ஜிரா, கான்ஃப்ளூயன்ஸ் ஆகிய மென்பொருள்களை உலகெங்கும் உள்ள மென்பொருள் அணிகள் பயன்படுத்துகின்றன. 2022 ஏப்ரல் 5 அன்று அந்நிறுவனம், வழக்கொழிந்துபோன ஒரு துணைச் செயலியை வாடிக்கையாளர்களின் தளங்களிலிருந்து நீக்க முனைந்தது. நீக்கவேண்டிய செயலிகளின் அடையாள எண்களைக் கேட்ட அணிக்கு, அவை நிறுவப்பட்டிருந்த தளங்களின் அடையாள எண்கள் கொடுக்கப்பட்டன. நீக்கும் நிரலோ இரண்டு வகை எண்களையும் ஏற்றுக்கொள்ளக்கூடியது. எதை நீக்கப்போகிறோம் என்று எச்சரிக்கவும் இல்லை. விளைவாக, 23 நிமிடங்களில் 775 வாடிக்கையாளர்களின் 883 தளங்கள் முழுமையாக அழிந்தன. அனைத்தையும் மீட்டெடுத்து முடிக்க ஏப்ரல் 18 வரை ஆனது.

இதில் நம் கவனத்துக்குரியது அழிவைவிட, அதை அறிவித்த விதம். தளங்களோடு சேர்ந்து, அவற்றின் நிர்வாகிகளுடைய தொடர்பு விவரங்களும் அழிந்துவிட்டன. யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர்களுடைய முகவரியே நிறுவனத்தின் கையில் இல்லை. பாதிக்கப்பட்டவர்கள் தாமாகப் புகார் அளிக்கவும் இயலவில்லை. ஏனெனில், புகார்ப் படிவம் செல்லுபடியாகும் தள முகவரியைக் கேட்டது. அந்தத் தளமே இல்லை. இந்நிலையில், முழு விவரமும் தெரிந்த பிறகு விரிவாகப் பேசலாம் என்று நிறுவனம் காத்திருந்தது. தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியின் விரிவான விளக்கம் ஏப்ரல் 12-இல்தான் வெளிவந்தது. தெரிந்தது எது, தெரியாதது எது என்பதை முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று அந்நிறுவனம் தன் ஆய்வறிக்கையில் பின்னர் ஒப்புக்கொண்டது.

2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்-3 சேமிப்புச் சேவை முடங்கியபோதும் இதற்கு ஒப்பான ஒன்று நேர்ந்தது. சேவைகளின் நிலையைக் காட்டும் அறிவிப்புப் பலகையை நிர்வகிக்கும் கருவியே எஸ்-3-ஐச் சார்ந்திருந்ததால், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அதில் உண்மை நிலையைப் பதிவிட முடியவில்லை. ஆகவே, தடை ஏற்படும் முன்பே செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. வாடிக்கையாளர்களின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் அடங்கிய பட்டியல், அந்தச் சேவைக்குத் தொடர்பில்லாத வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் இன்று அது மாதந்தோறும் அச்சிட்ட தாளாகவும் இருக்கிறது.

இனி, அறிவிப்பைப் பற்றி. தடை நேர்ந்தவுடன் அனுப்பும் முதல் செய்தியும், எல்லாம் முடிந்தபின் அனுப்பும் விளக்கக் கடிதமும் வேறு வேறு. முதல் செய்தி எழுதப்படும்போது காரணம் தெரிந்திருக்காது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் கூடாது. அவசரத்தில் ஊகித்துச் சொன்ன காரணம் பிறகு தவறாகிவிட்டால், உண்மையான காரணத்தையும் எவரும் நம்பமாட்டார்கள். அன்று 10.50-க்கு நான் எழுதியிருக்க வேண்டிய செய்தி இது:

'இன்று காலை 10.10 முதல் ஊதியக் கணக்குச் சேவை இயங்கவில்லை. காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம், இன்னும் தெரியவில்லை. காலை 10 மணிக்குப் பிறகு நீங்கள் வங்கிக்கு அனுப்பிய கோப்புகள் சென்று சேர்ந்தனவா என்பதை எங்களால் இப்போது உறுதிசெய்ய இயலாது. சேவை மீண்ட பிறகும், நாங்கள் சொல்லும்வரை எந்தக் கோப்பையும் மீண்டும் அனுப்ப வேண்டாம். அடுத்த தகவல் 11.30-க்கு வரும்.'

இதை எழுத, தரவுத்தளம் ஏன் நின்றது என்று தெரிந்திருக்கத் தேவையில்லை. அது நின்ற நேரத்தில் வாடிக்கையாளர் என்ன செய்துகொண்டிருந்திருப்பார் என்று தெரிந்திருந்தால் போதும். கடைசி வரியும் முக்கியமானது. சேவை எப்போது மீளும் என்று வாக்குக் கொடுப்பது ஆபத்து. அடுத்த தகவல் எப்போது வரும் என்று வாக்குக் கொடுப்பது நம் கையில் உள்ளது. 11.30-க்குப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை என்றாலும், 'புதிதாக எதுவும் இல்லை, தேடல் தொடர்கிறது, அடுத்து 12.15-க்கு எழுதுகிறோம்' என்று எழுதியே ஆக வேண்டும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் தொலைபேசிகள் ஒலிக்கத் தொடங்கும்; சேவையை மீட்கவேண்டியவர்கள் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது விளக்கக் கடிதம். அதில் நான்கு கேள்விகளுக்கு விடை இருக்க வேண்டும்: ஏன் நடந்தது, யாருக்கு என்ன ஆனது, என்ன செய்தோம், இனி என்ன செய்வோம்.

காரணத்தை எழுதுவதில்தான் மனம் அதிகம் சறுக்கும். திங்கள்கிழமை நான் எழுதிய முதல் வரைவில், 'சேமிப்பு வட்டு நிரம்பியதால் தரவுத்தளம் நின்றது' என்று மட்டும் இருந்தது. அது உண்மைதான். ஆனால், வட்டு ஏன் நிரம்பியது? எங்கள் முதன்மைத் தரவுத்தளத்துக்கு நகல் தரவுத்தளம் ஒன்று இருந்தது. முதன்மையில் நிகழும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு பதிவேட்டில் எழுதப்படும்; நகல் அதைப் படித்துத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். நகல் படித்து முடிக்கும்வரை அந்தப் பதிவேட்டுக் கோப்புகளை முதன்மை அழிக்காது. முந்தைய ஞாயிறு இரவு நகல் நின்றுபோய்விட்டது. முதன்மையோ, என்றாவது நகல் திரும்பி வரும் என்று ஆறு நாள்களாகக் கோப்புகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை காலை, கூலிக் கணக்கின் நெரிசலில், எஞ்சியிருந்த இடமும் தீர்ந்தது.

நகல் நின்றதை ஆறு நாள்கள் ஏன் எவரும் கவனிக்கவில்லை? எச்சரிக்கை மின்னஞ்சல்கள் ஒழுங்காகவே சென்றுகொண்டிருந்தன. பணியிலிருந்து விலகி இரண்டு மாதங்களான ஒருவருடைய அஞ்சல் பெட்டிக்கு.

'ஏன்' என்ற கேள்வியை எங்கே நிறுத்துவது என்பதற்கு நான் கைக்கொள்ளும் அளவுகோல் எளிது. நிறுவனம் தன் கையால் மாற்றக்கூடிய ஒன்றைத் தொடும்வரை கேட்க வேண்டும். வட்டு நிரம்புவது நிகழ்வு. ஒருவர் விலகும்போது அவர் பெயரில் உள்ள எச்சரிக்கைகளை மற்றவருக்கு மாற்றும் முறை இல்லாதிருந்தது காரணம். முதலாவதை மட்டும் சொல்லும் கடிதம், பெரிய வட்டு வாங்கினால் எல்லாம் தீரும் என்ற எண்ணத்தையே தரும்.

அதே நேரத்தில், காரணம் என்பது ஓர் ஆளின் பெயரில் முடியக் கூடாது. 'ஊழியர் ஒருவரின் கவனக்குறைவு' என்று எழுதுவது நேர்மைபோலத் தோன்றும். உண்மையில் அது தப்பித்தல். கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று, களைத்த நிலையில் இரவில் பணியாற்றிய பொறியாளர் ஒருவர், நகல் தரவுத்தளத்தின் கோப்புகளை அழிப்பதாக நினைத்து முதன்மையின் கோப்புகளை அழித்துவிட்டார். அதன் பிறகு தேடிப் பார்த்தபோது, காப்புப் பிரதிகளும் சரியாக எடுக்கப்படாமல் இருந்தது தெரியவந்தது. காப்புப் பிரதி தோல்வியுற்றதைத் தெரிவிக்கவேண்டிய மின்னஞ்சல்களும் உரியவர்களைச் சென்றடையவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு மீட்க முடியாமல் போனது. அந்நிறுவனம் இவை அனைத்தையும் வெளியிட்டது. பொறியாளரின் பெயரை மட்டும் வெளியிடவில்லை. அவர் வேறு ஒருவராக இருந்திருந்தாலும் அதே இரவில் அதே தவறு நேர்ந்திருக்கக்கூடும். காப்புப் பிரதி அப்போதும் இருந்திருக்காது.

பாதிப்பை எழுதும்போது கடிகாரத்தை எங்கிருந்து ஓட்டுவது என்பது முதல் கேள்வி. நாங்கள் கோளாற்றைக் கவனித்தது 10.25-க்கு. ஆனால், வாடிக்கையாளருக்கு அது 10.10-க்கே தொடங்கிவிட்டது. கடிதத்தில் இருக்கவேண்டியது அவருடைய நேரம்: 3 மணி 15 நிமிடங்கள். ஒப்பந்தத்தில் 99.9 விழுக்காடு இயக்கம் என்று உறுதியளித்திருந்தால், முப்பது நாள் கொண்ட மாதத்தில் அனுமதிக்கப்படும் தடை வெறும் 43 நிமிடங்கள்தான். எனவே, இந்தப் பதினைந்து நிமிடங்களை மறைக்கும் ஆசை வருவது இயல்பு. வாடிக்கையாளரிடமும் கடிகாரம் இருக்கிறது என்பதை நினைவில் கொள்வது நல்லது.

இரண்டாவது, பாதிக்கப்பட்டவர்களையும் பாதிக்கப்படாதவர்களையும் பிரித்துச் சொல்வது. 'சில வாடிக்கையாளர்கள்' என்ற சொல்லைப் படிக்கும் முந்நூறு பேரும் தம்மை அந்தச் சிலரில் ஒருவராகவே கருதிக் கவலைப்படுவார்கள். எங்கள் திருத்திய கடிதம் மூன்று வகையாக அமைந்தது. முந்நூறு பேருக்கும் சேவை தடைப்பட்டது. 23 பேருடைய கோப்புகள் வங்கிக்குச் சென்றும், செல்லவில்லை என்று காட்டப்பட்டன. அவர்களுக்குத் தனித்தனியே தொலைபேசியில் தெரிவித்திருக்கிறோம். மற்றவர்களின் கோப்புகளை, வங்கியிடமிருந்து பெற்ற பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுவிட்டோம், வேறுபாடு இல்லை. 'பாதிப்பு இல்லை' என்று சொன்னால் மட்டும் போதாது, எப்படி உறுதிசெய்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். நான் முதலில் எழுதிய 'தரவு இழப்பு இல்லை' என்பதில் விடுபட்டது அதுதான். வங்கியின் பட்டியலோடு ஒப்பிட்டோமா என்று அப்போதே யாரேனும் கேட்டிருந்தால், அந்த வரியை அனுப்பியிருக்க மாட்டேன்.

மீட்பு நடவடிக்கைகளை முடிந்தவை, முடியாதவை என்று பிரிப்பது என் வழக்கம். முடிந்தவை: வட்டின் இடத்தைக் கூட்டி, நின்றுபோன நகலுக்காகப் பிடித்துவைக்கப்பட்ட கோப்புகளை விடுவித்து, தரவுத்தளத்தை இயக்கினோம். எச்சரிக்கைகள் இனித் தனியொருவருக்குச் செல்லாது. பணிமுறையில் இருப்பவரின் கைப்பேசிக்கு அழைப்பாகச் செல்லும். முடியாதவை, நாள் குறிப்போடு: தரவுத்தளம் நின்றால் வங்கிக்கு அனுப்பும் நிரலும் தானே நின்றுவிடும் மாற்றம், அந்த மாத இறுதிக்குள். ஒரே கோப்பை இருமுறை அனுப்பினால் மென்பொருளே தடுக்கும் ஏற்பாடு, அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள். அதுவரை கணக்காளர்கள் அனுப்பும் முன்பு வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதினோம். 'இனி இப்படி நேரவே நேராது' என்று எழுதவில்லை. அப்படி எழுதும் உரிமை எவருக்கும் இல்லை. வேறொரு காரணத்தால் அடுத்த தடை வரும்போது, அந்த வாக்கு நம்மைப் பொய்யராக்கும்.

இவ்வளவு வெளிப்படையாக எழுதினால் இழப்பீட்டு வழக்குக்கு வழி வகுக்காதா என்று எங்கள் நிர்வாகத்திலும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கடிதத்தில் இடம்பெறவேண்டியவை நடந்த நிகழ்வுகளும் செய்த வேலைகளும். இழப்பீடு ஒப்பந்தப்படி தனியே பேசவேண்டியது. இரண்டையும் கலக்க வேண்டாம். நடந்ததை மறைத்துவிட்டு, பின்னர் வாடிக்கையாளரின் வங்கிப் பட்டியலே அதை வெளிப்படுத்தினால் வழக்கு இன்னும் கடினமாகும்.

வெளிப்படைத்தன்மைக்கும் எல்லை உண்டு. தடைக்குக் காரணம் இணையத் தாக்குதல் என்றால், இன்னும் அடைக்கப்படாத ஓட்டையைப் பொதுக் கடிதத்தில் விவரிப்பது அடுத்த தாக்குதலுக்கு அழைப்பு விடுப்பதாகும். அங்கே பாதிப்பையும், வாடிக்கையாளர் செய்யவேண்டியதையும் உடனே சொல்லிவிட்டு, காரணத்தின் நுணுக்கங்களை ஓட்டை அடைபட்ட பிறகு சொல்லலாம். இந்தியாவில் இத்தகைய நிகழ்வுகளைக் கவனித்த ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் பிறப்பிக்கப்பட்ட உத்தரவு சொல்கிறது. அரசுக்குத் தெரிவித்தாயிற்று என்பது வாடிக்கையாளருக்குச் சொல்லாமலிருக்கக் காரணமாகாது.

இருமுறை சென்ற கூலியை அந்த ஒன்பது நிறுவனங்களும் திரும்பப் பெறப் பல வாரங்கள் ஆயின. பெரும்பாலான தொழிலாளர்கள், அடுத்தடுத்த வாரக் கூலியில் சிறிது சிறிதாகக் கழித்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். சிலர் அதற்குள் சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். அந்தத் தொகையை எங்கள் நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

திருத்திய கடிதத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கணக்காளரை நேரில் சென்று பார்த்தேன். இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். பிறகு, இரண்டாம் பக்கத்தின் கீழே இருந்த ஒரு வரியில் விரலை வைத்தார். "எல்லாம் நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா, 'மறுபடியும் அனுப்பாதீங்க'ங்கறது இங்க அடியில கெடக்குதுங்களே. சனிக்கிழமை காலையில ரெண்டு பக்கம் படிக்க எனக்கு ஏதுங்க நேரம்? அதை மேல போடுங்க சார்."

அன்றுமுதல் எங்கள் அறிவிப்புகளில், வாடிக்கையாளர் என்ன செய்யக் கூடாது என்பதே முதல் வரி. காரணமும் வருத்தமும் அதற்குப் பிறகுதான்.